களைகட்டியது என்று எழுதினால் போதுமா?

(மார்கழி இசைவிழாவுக்கு முன்னதாக, கச்சேரி விமர்சனம் எழுத விரும்பும் இளைஞர்களுக்காக நடந்த பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தமிழ்ப் பத்திரிகைகளில் வரும் கச்சேரி விமர்சனங்களில் பாதியை, கச்சேரிக்குப் போகாமலே எழுதிவிடலாம். பாடகர் வர்ணத்தில் விறுவிறுப்பாகத் தொடங்கியிருப்பார். ராக ஆலாபனையில் ரசிகர்களைக் கட்டிப்போட்டிருப்பார். கல்பனாஸ்வரம் மழையாகப் பொழிந்திருக்கும். வயலினும் மிருதங்கமும் கடைசி வரியில் பக்கபலமாக நின்றிருக்கும். பாடகரின் பெயரை மட்டும் மாற்றினால் அடுத்த நாள் கச்சேரிக்கும் இதே விமர்சனம் பொருந்தும். யாரையும் புண்படுத்தாத எழுத்து என்பதால் இதை நியாயமான எழுத்து என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நன்றாகப் பாடியவருக்கும் சுமாராகப் பாடியவருக்கும் ஒரே வாசகத்தைப் பரிசளித்தால், நன்றாகப் பாடியவருக்குத்தான் நஷ்டம்.

இதற்கு நேர்மாறான வழியும் நம்மிடம் உண்டு. கடுமையாக எழுதியே பெயர் வாங்குவது. சுப்புடு எழுதிய காலத்தில் வித்வான்கள் மறுநாள் பேப்பரைப் பயந்துகொண்டே பிரித்தார்கள். அவருக்கு சங்கீத ஞானம் இருந்தது, கையில் எழுத்தும் இருந்தது. பின்னால் வந்த சிலர் அவருடைய குத்தலை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஞானம் கூடவே வரவில்லை. அதற்கும் முன்னால், 1930களில், ஆனந்த விகடனில் ‘கர்நாடகம்’ என்ற பெயரில் கல்கி எழுதினார். ஸ்வரம் தெரியாத வாசகரும் சிரித்துக்கொண்டே படித்து, சபாவில் நடந்ததைப் புரிந்துகொள்ளும்படி எழுதலாம் என்று காட்டியவர் அவர். அந்த நகைச்சுவை நம் எல்லோருக்கும் வராது. ஆனால் ஒன்றைப் பழகிக்கொள்ளலாம். இன்றைக்கு நான் சொல்ல வந்தது அது ஒன்றுதான்.

விமர்சனத்தில் நீங்கள் எழுதும் ஒவ்வொரு தீர்ப்புக்கும் கச்சேரியில் ஓர் இடம் இருக்க வேண்டும். ‘உருக்கமாக இருந்தது’ என்றால் எந்த ராகத்தில், எந்தக் கட்டத்தில், பாடகர் என்ன செய்தபோது? ‘சுருதி விலகியது’ என்றால் எந்த ஸ்தாயியில், எவ்வளவு நேரம்? இடத்தைச் சொல்லிவிட்டால், அதே கச்சேரியைக் கேட்ட இன்னொருவர் ‘ஆமாம்’ என்றோ ‘இல்லை’ என்றோ சொல்ல முடியும். மறுக்க வழி வைத்து எழுதுவதைத்தான் நியாயம் என்கிறேன். பாராட்டின் அளவும் கண்டிப்பின் அளவும் அதற்கு அடுத்தபடிதான்.

பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் நானும் அந்த மழை விமர்சகர் ஆகிவிடுவேன். ஆகவே ஒரே ஒரு கச்சேரியை எடுத்துக்கொள்வோம். சில மார்கழிகளுக்கு முன் நான் கேட்டது. பாடகர் யார், எந்த சபா என்பது நமக்குத் தேவையில்லை. நாற்பது வயதுக்குள் இருந்த ஓர் ஆண் பாடகர். வயலின், மிருதங்கம், கடம். மாலை 6.15க்குத் தொடங்கி இரண்டரை மணி நேரம். அன்றைக்கு நோட்டில் எழுதிவைத்த நேரக் கணக்கு இது:

ஆபோகி வர்ணம் எட்டு நிமிடம். ஹம்ஸத்வனியில் ‘வாதாபி’, கொஞ்சம் ஸ்வரத்தோடு பன்னிரண்டு. பிறகு பூர்விகல்யாணி ஆலாபனை பத்து, வயலின் ஐந்து, கோபாலகிருஷ்ண பாரதியின் ‘சற்றே விலகியிரும் பிள்ளாய்’ பதினெட்டு. வேகமாக ஒரு சிறு கிருதி, ஏழு நிமிடம். அடுத்து பிரதான ராகம் பைரவி: ஆலாபனை இருபத்திரண்டு நிமிடம், வயலினுக்குப் பத்து, தியாகராஜரின் ‘கொலுவையுன்னாடே’ கிருதி பத்து, நிரவல் பத்து, ஸ்வரம் பத்து. தனி ஆவர்த்தனம் பன்னிரண்டு. துக்கடாக்களும் மங்களமும் சேர்ந்து பதினாறு.

இந்தக் கணக்கைக் குறித்துக்கொள்ள ஞானம் எதுவும் வேண்டாம், கைக்கடிகாரம் போதும். ஆனாலும் அது பல விஷயங்களைச் சொல்லிவிடுகிறது. முதலில் வர்ணம், பிறகு விறுவிறுப்பாகச் சில கிருதிகள், நடுவில் விஸ்தாரமான ஒரு ராகம், அதன் முடிவில் தனி, கடைசியில் இலேசான உருப்படிகள் என்ற கச்சேரி அமைப்பை நிலைநிறுத்தியவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் என்று சொல்வது வழக்கம். நான் கேட்ட கச்சேரி அந்த அமைப்பில்தான் போயிருக்கிறது. முதல் ஒரு மணி நேரத்தில் நான்கு உருப்படி, அடுத்த எழுபத்து நான்கு நிமிடம் பைரவி மட்டும். பாடகர் எதை நம்பி மேடை ஏறினார் என்பது இதிலேயே தெரிகிறது. அப்படியானால் விமர்சனத்தின் எடையும் பைரவி மேல்தான் விழ வேண்டும். வர்ணத்தைப் பற்றி நான்கு வரி எழுதிவிட்டு பைரவியை ஒரு வரியில் முடித்தால், நடந்த கச்சேரியை விட்டு வேறொன்றை எழுதியவர்களாவோம். வயலினுக்குப் பைரவியில் பத்து நிமிடம் கிடைத்தது என்பதும் ஒரு செய்தி. பக்கவாத்தியத்துக்கு இடம் கொடுத்தார், கொடுக்கவில்லை என்று எழுதும்போது இந்த எண்கள் கையில் இருக்கட்டும்.

இனி எதைக் கவனிப்பது என்று பார்ப்போம். எல்லாவற்றையும் கவனிக்க முயன்றால் ஒன்றும் நிற்காது. நான்கு இடங்களை மட்டும் சொல்கிறேன்.

முதல் இடம் சுருதி. சுருதி சேர்ந்ததா என்று வேகமான சங்கதிகளில் தேடாதீர்கள். கார்வையில் கேளுங்கள். பாடகர் மேல் ஷட்ஜத்திலோ பஞ்சமத்திலோ நின்று நீட்டும்போது, குரலும் தம்புராவும் ஒன்றாகக் கலந்து, எது தம்புரா எது குரல் என்று பிரிக்க முடியாதபடி ஆகும். சேராவிட்டால் இரண்டுக்கும் நடுவே ஒரு நடுக்கம், அலை அலையாக, காதுக்குத் தெரியும். இதை யாரும் பத்து நிமிடத்தில் பழகிக்கொள்ளலாம். அன்றைய பாடகருக்கு முதல் இருபது நிமிடம் மந்திர ஸ்தாயி சரியாகப் பேசவில்லை. கீழே இறங்கும்போதெல்லாம் குரல் காற்றாகக் கரைந்தது. பூர்விகல்யாணியில் அது சரியாகிவிட்டது. பைரவியில் கீழ்ப் பஞ்சமத்தில் அழகாக நின்றார். இதை ‘குரல் ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதினால் பொய். ‘முதல் இருபது நிமிடம் கீழ் ஸ்தாயி எழும்பவில்லை, பிறகு சரியாயிற்று’ என்று எழுதினால் உண்மை. மார்கழிப் பனியில் சாயங்காலம் பாடும் குரல்களுக்கு இது சகஜம். தொண்டை சரியாகும்வரை கீழ் ஸ்தாயி கேட்காத உருப்படிகளைப் பாடியிருக்கலாமே என்று வேண்டுமானால் கேட்கலாம். அது நியாயமான கேள்வி.

சுருதியைப் பற்றிப் பேசும்போதே ஒலிபெருக்கியையும் சொல்லிவிட வேண்டும். நாம் கேட்பது மைக் வழியாக வரும் நாதத்தை. முதல் வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்தால் ஸ்பீக்கரின் வாய்க்கு எதிரே உட்கார்ந்த மாதிரி. அன்று நான் வலது ஓரத்தில் இருந்தேன். வயலின் கீச்சென்று காதைக் கிழித்தது. அந்தச் சிறு கிருதி பாடும்போது எழுந்து போய், நடுவில் பின்பக்கமாக உட்கார்ந்தேன். அங்கே அதே வயலின் இழைந்து கேட்டது. குறை வில்லில் இல்லை, ஸ்பீக்கரில் இருந்தது. இடம் மாறாமல் எழுதியிருந்தால் ஒரு நல்ல கலைஞரை சவுண்ட் ஆசாமியின் தவறுக்காகத் தண்டித்திருப்பேன். கடம், மிருதங்கம் உரக்கக் கேட்டது என்று எழுதுமுன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். பாலக்காடு மணி ஐயர் போன்ற ஒருவரே மைக் வேண்டாம் என்று வாதாடியிருக்கிறார் என்றால், வாசிப்பவரின் கைக்கும் நம் காதுக்கும் நடுவே அது எவ்வளவு மாற்றுகிறது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது இடம் ராக ஆலாபனை. ‘எனக்கு ராக லட்சணம் தெரியாதே, நான் எழுதலாமா’ என்று கேட்பவர்கள் உண்டு. ஓரளவுக்கு எழுதலாம். ஆலாபனை எங்கே தொடங்கியது, எந்த ஸ்வரத்தில் வந்து வந்து நின்றது, கீழிருந்து மேலே படிப்படியாக ஏறியதா, ஒரே தாவலில் உச்சிக்குப் போய்விட்டதா, சொன்னதையே திரும்பச் சொன்னதா என்பதையெல்லாம் கூர்ந்து கேட்கும் எவரும் கண்டுகொள்ளலாம். ராகத்தின் உள்ளே போய் எழுதத்தான் பயிற்சி வேண்டும்.

பைரவியையே பார்ப்போம். பைரவிக்கு இரண்டு தைவதம். ‘ப த நி ஸ’ என்று ஏறும்போது சதுச்ருதி தைவதம், ‘ஸ நி த ப’ என்று இறங்கும்போது சுத்த தைவதம். இறங்கும்போதும் மேல் தைவதத்தையே பிடித்தால் கரகரப்ரியாவின் வாடை வந்துவிடும். ஆனால் இரண்டு தைவதத்தையும் சரியாகப் பாடிவிட்டால் மட்டும் பைரவி ஆகிவிடாது. காந்தாரமும் நிஷாதமும் அசைந்து வரும் விதம், பெரியவர்கள் வழிவழியாகப் பாடிவைத்த பிடிகள், எங்கே நின்றால் ராகம் முகம் காட்டும் என்ற அறிவு, இவையெல்லாம் சேர்ந்துதான் பைரவி. அன்றைய பாடகர் முதல் எட்டு நிமிடம் மத்திய ஸ்தாயியிலேயே இருந்தார். அவசரப்படவில்லை. ரிஷபத்தில் நின்று, காந்தாரத்தை அசைத்து, நிஷாதத்திலிருந்து பஞ்சமத்துக்கு இறங்கி வந்த ஒவ்வொரு முறையும் வேறு வழியில் வந்தார். சபையில் யாரும் இருமக்கூட இல்லை. மேல் ஷட்ஜத்தைப் பிடித்த பிறகு நிலைமை மாறியது. பிருகாக்கள் வேகமெடுத்தன; மூன்று ஸ்வரம், மூன்று ஸ்வரமாக ஏறி இறங்கும் ஒரே கோவையை மேல் ரிஷபத்திலிருந்தும் மேல் காந்தாரத்திலிருந்தும் திரும்பத் திரும்பப் பாடினார். அந்த வேகத்தில் இரண்டு தைவதத்துக்கும் வித்தியாசம் கேட்கவில்லை. அது எந்த ராகத்தின் பிருகாவாகவும் இருந்திருக்கலாம். கைதட்டல் கிடைத்தது அங்கேதான்.

விமர்சகருக்கு இது சங்கடமான கட்டம். சபை கைதட்டிய இடத்தை நான் குறை சொல்கிறேன், சபை மௌனமாக இருந்த இடத்தைப் பாராட்டுகிறேன். இரண்டையும் எழுத வேண்டும். ‘கைதட்டல் கிடைத்தது’ என்பது நடந்த விஷயம். அதை மறைத்தால் வாசகருக்குத் தவறான சித்திரம் போகும். கைதட்டலையே தீர்ப்பாக எடுத்துக்கொள்வதானால் விமர்சகர் எதற்கு? நான் முதலில் எழுதிப் பார்த்தது இப்படி: ‘மேல் ஸ்தாயியின் வேகத்துக்கு சபை கரகோஷம் செய்தது. எனக்கு அதற்கு முந்தைய எட்டு நிமிடமே பைரவியாகக் கேட்டது.’ அதன் பின் காரணம், தைவதத்தைப் பற்றி ஒரே வரி. ஒத்துக்கொள்ளாதவர் அந்த இடத்தை நினைவுபடுத்தி என்னோடு சண்டை போடலாம்.

மூன்றாவது இடம் பாட்டும் நிரவலும் ஸ்வரமும். இங்கே சாகித்யத்தின் சொல்லைக் கேளுங்கள். ‘சற்றே விலகியிரும் பிள்ளாய்’ நந்தனார் சரித்திரப் பாட்டு. திருப்புன்கூரில் வெளியே நின்று எட்டிப் பார்க்கும் நந்தனுக்காக, மறைத்துக்கொண்டிருக்கும் நந்தியைக் கொஞ்சம் விலகச் சொல்லும் கட்டம். ஆணைதான், ஆனால் ‘பிள்ளாய்’ என்று வாஞ்சையோடு அழைத்துச் சொல்லும் ஆணை. பாடகர் பூர்விகல்யாணியின் கனிவை அந்த விளியில் கொண்டுவந்து இறக்கினார். அது அன்றைய கச்சேரியில் மிக நல்ல இடங்களில் ஒன்று. பிறகு அதே வரியைத் திரும்பப் பாடும்போது ‘விலகி’ என்று மூச்சை விட்டு, ‘யிரும்’ என்று தனியாக எடுத்தார். தமிழ் தெரிந்தவர் காதில் அது கல்லாக விழும். தமிழ்ப் பாட்டில் பதம் பிரிப்பதைத் தமிழில் எழுதும் விமர்சகர் கவனிக்காவிட்டால் வேறு யார் கவனிப்பார்கள்? இதற்கு ராக ஞானமும் வேண்டாம், தாள ஞானமும் வேண்டாம்.

நிரவல் என்பது பாட்டின் ஒரே வரியை எடுத்துக்கொண்டு, சொற்கள் தாளத்தில் இருக்கும் இடம் குலையாமல், ராகத்தின் சஞ்சாரங்களை மட்டும் மாற்றி மாற்றி நிரப்பிப் பாடுவது. கேட்கும்போது ஒரு சொல்லை மனதில் பிடித்துக்கொள்ளுங்கள். அந்தச் சொல் ஒவ்வொரு முறையும் தாளத்தின் அதே இடத்தில் வந்து விழுகிறதா? விழுந்தால் நிரவல். சொற்கள் எங்கெங்கோ சிதறினால் அது வரியை வைத்துக்கொண்டு செய்த ஆலாபனை. ‘கொலுவையுன்னாடே’ சரணத்தில் அன்று கீழ்க்கால நிரவல் ஐந்து நிமிடம், மேல்கால நிரவல் ஐந்து நிமிடம். கீழ்க்காலத்தில் சொற்கள் அதனதன் இடத்தில் இருந்தன, வயலின்காரர் ஒவ்வொரு முறையும் பாடகர் விட்ட இடத்திலிருந்து யோசனையை எடுத்துப் போனார். மேல்காலத்தில் மெய்யெழுத்துகள் தேய்ந்து உயிரெழுத்துகள் மட்டும் மிஞ்சின.

கல்பனாஸ்வரத்தில் எல்லோரும் கவனிப்பது கணக்கு. கோர்வை மூன்று முறை வந்து எடுப்பில் சரியாக விழுந்ததும் கை தானாகத் தட்டுகிறது. கொஞ்சம் உற்றுக் கேட்டால் இன்னொன்றும் தெரியும். ஸ்வரத்தின் கடைசி எழுத்து, பாட்டின் வரி எந்த ஸ்வரத்தில் தொடங்குகிறதோ அதற்குப் பக்கத்தில் வந்து நின்றால், ஸ்வரம் முடிந்ததும் வரி தொடங்கியதும் தைத்த இடம் தெரியாத துணிபோல இருக்கும். கணக்கு மட்டும் சரியாக வந்து, ஸ்வரம் எங்கோ நிற்க, வரி வேறெங்கோ தொடங்கினால் குதிப்பது கேட்கும். அன்று சின்னச் சின்ன ஸ்வரங்கள் எல்லாம் இழைந்து வந்து விழுந்தன. கடைசிப் பெரிய கோர்வை கணக்கில் பிசகாமல் முடிந்தது; ஆனால் முடித்த வேகத்தில் வரியின் முதல் சொல்லையே பாடகர் விழுங்கிவிட்டார். தாளத்தைக் கையில் போட்டுக்கொண்டு கேளுங்கள். ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கை போடத் தெரிந்தால் இதையெல்லாம் நீங்களே சரிபார்க்கலாம். ஆனால் கையை மடியில் வைத்துப் போடுங்கள். முன்வரிசையில் உரக்கத் தொடையில் தட்டும் விமர்சகரைப் பாடகருக்கும் பிடிக்காது, பக்கத்தில் இருப்பவருக்கும் பிடிக்காது.

நான்காவது இடம் பக்கவாத்தியம். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து கேன்டீனுக்குப் போகும் பழக்கம் நம் ஊரில் நிலைத்துவிட்டது. ரசிகர் போகட்டும், டிக்கெட் அவருடையது. விமர்சகர் போனால், தனியைப் பற்றி எழுதக் கூடாது. போனதை எழுத வேண்டும். மிருதங்கத்தைத் தனியில் மட்டும் கேட்டால் போதாது. தனியைக் காட்டிலும் கிருதியில்தான் வித்வத் தெரியும். ‘வாதாபி’யில் சங்கதிகள் ஏற ஏற அவரும் சொற்களைக் கூட்டினாரா? நந்தனார் பாட்டில் ‘பிள்ளாய்’ என்று பாடகர் கனிந்தபோது தொப்பியின் கும்கி மட்டும் கேட்டதா, அல்லது வலந்தலை படபடவென்று குறுக்கிட்டதா? அன்றைய மிருதங்கக்காரர் அந்த இடத்தில் ஏறக்குறைய வாசிக்கவே இல்லை. வாசிக்காமல் இருந்ததற்காகவே அவரைப் பாராட்டி ஒரு வரி எழுதினேன். கடத்துக்கு வேறு சிக்கல். மிருதங்கத்தைக் கல்லும் சுத்தியலும் வைத்துத் தட்டி சுருதிக்குக் கொண்டுவரலாம். தொப்பியில் ரவை பூசிச் சரிசெய்யலாம். சுட்ட மண்பானையை அப்படி மாற்ற முடியாது. அதனால்தான் கட வித்வான்கள் வேறு வேறு சுருதிக்கென்று பானைகளை வைத்திருக்கிறார்கள். ஏ.சி. அரங்கில் தோல் வாத்தியத்தின் சுருதி நகர்ந்தால் பாட்டுக்கு நடுவே தட்டிச் சரிசெய்வார்கள்; அதைக் குறையாக எழுதுவது அறியாமை. சரிசெய்யாமல் விட்டதைத்தான் எழுத வேண்டும்.

இவ்வளவையும் நானூறு சொல்லில் எழுத வேண்டும். பத்திரிகை அதற்கு மேல் இடம் தராது. அப்படியானால் குறிப்பேட்டில் இருப்பதில் முக்கால்வாசியை விட்டுவிடத்தான் வேண்டும். எதை வைத்துக்கொள்வது? கச்சேரியின் எடை எங்கே இருந்ததோ அதை. அன்று நான் அனுப்பியதன் நடுப்பகுதி இது:

‘பைரவிக்குச் சற்றே குறைய எழுபத்தைந்து நிமிடம் ஒதுக்கினார். ஆலாபனையின் முதல் பகுதியில் மத்திய ஸ்தாயியை விட்டு நகராமல், நிஷாதத்திலிருந்து பஞ்சமத்துக்கு வரும் வழிகளைத் தேடித் தேடிக் காட்டியது இந்த மாலையின் சிறப்பு. மேல் ஸ்தாயியில் பிருகாக்கள் கைதட்டல் பெற்றன. ஆனால் அந்த வேகத்தில் இரு தைவதங்களின் வித்தியாசம் மங்கி, ராகத்தின் முகம் தெரியவில்லை. கீழ்க்கால நிரவலில் வயலின் வெறும் எதிரொலியாக இல்லாமல் ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக ஒன்று சேர்த்தது. பெரிய கோர்வை கணக்காக முடிந்தது. முடித்த அவசரத்தில் வரியின் முதல் சொல் கேட்கவில்லை. முன்னதாக நந்தனார் பாட்டில் மிருதங்கம் காட்டிய அடக்கம், பிறகு வந்த தனியைவிட நெஞ்சில் நின்றது.’

இதில் பாராட்டும் இருக்கிறது, குறையும் இருக்கிறது. ஒவ்வொன்றும் எங்கே என்று இருக்கிறது. ‘தெய்வீகம்’, ‘தேன்’, ‘மழை’ எதுவும் இல்லை. பாடகரின் உடை இல்லை. அவருடைய குரு இப்படிப் பாடுவாரா என்ற ஒப்பீடும் இல்லை. பாணியைச் சொல்லலாம், ஜி.என்.பி. வழியில் பிருகா பாடுகிறார் என்றால் வாசகருக்கு ஏதோ தெரிகிறது. ஆனால் இன்னின்னார் போல இல்லை என்று நாற்பது வயதுப் பாடகரை மறைந்த மகாவித்வானோடு தராசில் வைப்பது நியாயம் இல்லை. அந்த மகாவித்வானின் மிகச் சிறந்த ஒலிப்பதிவுகளை வடிகட்டி வைத்துக்கொண்டு, இவருடைய ஒரு சாதாரண மாலையோடு ஒப்பிடுகிறோம்.

அதே போலத்தான் நேரமும். மதியம் சிறுவயதுப் பாடகருக்குக் கிடைக்கும் ஒன்றரை மணி நேரத்தில் எழுபத்து நான்கு நிமிட பைரவியை எதிர்பார்க்க முடியாது. அங்கே பாடாந்தரம் சுத்தமா, தாளம் திடமா, நேரத்துக்குள் எதைப் பாட வேண்டும் என்ற விவேகம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருபது வயதுக் குழந்தையின் ஒரு பிசகை அச்சில் ஏற்றினால், அதைப் பல வருஷம் யாராவது நினைவுபடுத்திக்கொண்டே இருப்பார்கள். பிசகு ஒருமுறை நடந்ததா, பழக்கமாகவே இருக்கிறதா என்று பிரித்துப் பாருங்கள். ஒருமுறை நடந்ததை விட்டுவிடலாம். பழக்கத்தை இடம் சொல்லி எழுதலாம்.

இப்போது ஒலிப்பதிவுகளைப் பற்றி இரண்டு வார்த்தை, ஏனென்றால் ஆல்பங்களுக்கும் விமர்சனம் எழுதச் சொல்கிறார்கள். அந்தக் காலத்து 78 சுழற்சித் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், கொஞ்சம் கூடினால் மூன்றரை. அதற்குள் பாட்டு முடிய வேண்டும். அந்தப் பதிவைக் கேட்டு ‘ஆலாபனை குறைவு’ என்று எழுதுகிறவர் தட்டைப் பார்க்கவே இல்லை. அங்கே கேட்க வேண்டியது, மூன்று நிமிடத்துக்குள் ராகத்தின் எந்த முகத்தைத் தேர்ந்தெடுத்தார் என்பது. இன்றைய ஸ்டூடியோ ஆல்பத்தில் அளவுகோல் வேறு. ஒரு வரியைப் பத்து முறை பாடி நல்லதை ஒட்டலாம். பிசகிய ஸ்வரத்தைக் கணினியில் நேராக்கலாம். மிருதங்கத்தை வேறொரு நாள் வேறொரு ஊரில் பதிவு செய்யலாம். அதனால் ஆல்பத்தில் ‘சுருதி சுத்தம்’ என்பது பாராட்டே ஆகாது. பாடகரும் வாத்தியக்காரரும் ஒருவருக்கொருவர் பதில் சொல்லிக்கொள்கிறார்களா, மூச்சுச் சத்தம்கூட இல்லாமல் துடைத்ததில் உயிரும் போய்விட்டதா, உருப்படிகளை அடுக்கியதில் ஒரு யோசனை தெரிகிறதா என்பதைக் கேளுங்கள். நேரடிக் கச்சேரியின் பதிவு என்றால் இன்னொரு எச்சரிக்கை. மேடையில் ஒரு விநாடி நடந்த பிசகை, பதிவில் ஐந்து முறை திருப்பிக் கேட்டால் அது மலையாகிவிடும். சபையில் கேட்டபோது உறுத்தாத பிசகைக் கைபேசிப் பதிவில் தேடிக் கண்டுபிடித்து எழுதுவது விமர்சனம் ஆகாது.

எழுதி முடித்த பிறகு செய்ய வேண்டிய சில சில்லறை வேலைகள் உண்டு. ராகத்தின் பெயரில் சந்தேகம் இருந்தால் கலைஞரையே கேளுங்கள். பெரும்பாலானவர்கள் சந்தோஷமாகச் சொல்வார்கள். பாட்டை இயற்றியவர் பெயரைச் சரிபாருங்கள். ஒருவர் கிருதியை இன்னொருவர் தலையில் கட்டும் தவறுதான் நம் விமர்சனங்களில் அடிக்கடி நடப்பது. பாதியில் வந்திருந்தாலோ முன்னதாகக் கிளம்பியிருந்தாலோ அதைச் சொல்லிவிடுங்கள். பாடகர் உங்கள் குருவின் சிஷ்யர் என்றால் எழுதாதீர்கள்; எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் உறவை முதல் வரியில் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு சோதனை. அனுப்புவதற்கு முன், பாடகர் பெயரை அடித்துவிட்டு வேறொரு பெயரை எழுதிப் பாருங்கள். அப்போதும் கட்டுரை பொருந்தினால் திரும்ப எழுதுங்கள். பிறகு, அன்று உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட, உங்களோடு ஒத்துப்போகாத ஒரு ரசிகர் இதைப் படிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ‘அந்தப் பிருகா எனக்குப் பிடித்தது, நீங்கள் சொன்னது தவறு’ என்று அவர் சொல்ல முடிந்தால் போதும். எந்தப் பிருகா என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த விமர்சனத்தை அனுப்பலாம்.